லண்டனில் விழாவுக்குப் போகும் முன்: மண்டபத்தின் வாசல் எது, வண்டியை எங்கே விடுவது?

நான் லண்டனுக்கு வந்த முதல் வருடம். நண்பர் ஒருவரின் குழந்தைக்குக் காதுகுத்து. வாட்ஸாப்பில் வந்த அழைப்பில் இருந்தது இவ்வளவுதான்: "லண்டன் முருகன் கோயில், ஞாயிறு காலை 10 மணி, அவசியம் வரவும்." எனக்குத் தெரிந்த முருகன் கோயில் வடக்கு லண்டனில், ஆர்ச்வே ரோட்டில் இருக்கும் ஹைகேட் ஹில் கோயில். வேட்டி கட்டி, வெள்ளிக்கிண்ணம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு அங்கே போய் நின்றால் காதுகுத்துக்கான அடையாளமே இல்லை. நண்பர் இருந்தது கிழக்கே, மானர் பார்க் சர்ச் ரோட்டில் இருக்கும் முருகன் கோயிலில். ஊரைக் குறுக்கே கடந்து நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுது முடித்துத் தூங்கியே போயிருந்தது. பந்தியில் கடைசி இலை எனக்கு.

நண்பர் மேல் தப்பில்லை. ஈஸ்ட் ஹாம், மானர் பார்க் பக்கம் குடியிருப்பவர்களுக்கு முருகன் கோயில் என்றால் அது ஒன்றுதான். வடக்கே இருப்பவர்களுக்கு வேறு ஒன்று. அதற்குப் பிறகு விழாவுக்குப் போவதென்றாலும் நடத்துவதென்றாலும் முகவரியையும் பார்க்கிங்கையும் உறுதி செய்துகொள்ள எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

தெருப் பெயரை நம்பாதீர்கள், போஸ்ட்கோடைக் கேளுங்கள்

நம் ஊரில் "பிள்ளையார் கோயில் தெரு" எத்தனை இருக்குமோ அத்தனை சர்ச் ரோடு லண்டனில் இருக்கிறது. மானர் பார்க்கில் ஒன்று, லேட்டனில் ஒன்று, வில்ஸ்டனில் ஒன்று, தெற்கே கிரிஸ்டல் பேலஸ் பக்கம் ஒன்று. ஹை ஸ்ட்ரீட், ஸ்டேஷன் ரோடு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நார்த் என்றும் சவுத் என்றும் இரண்டு உண்டு, கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எதிர்த் திசையில் நடப்பீர்கள். எல்லாவற்றையும் விட வேடிக்கை ஈலிங் ரோடு. நம் ஆட்கள் புடவை வாங்கவும் காய்கறி வாங்கவும் போகும் அந்தத் தெரு ஈலிங்கில் இல்லை, வெம்ப்ளியில் இருக்கிறது. ஈலிங் அம்மன் கோயில் என்று நாம் சொல்லும் கனகதுர்க்கை அம்மன் கோயிலோ வெஸ்ட் ஈலிங்கில் சேப்பல் ரோட்டில் இருக்கிறது. "ஈலிங் கோயில்" என்று ஒருவர் சொன்னால் மறுபடி ஒருமுறை கேட்பது நல்லது.

அதனால் அழைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது போஸ்ட்கோடு. மானர் பார்க் கோயிலுக்கு E12 6AF என்று வரும். இதில் கடைசி மூன்று இடங்களும் எப்போதும் ஒரு எண்ணும் இரண்டு எழுத்துமாகத்தான் இருக்கும், மீதி முன்பாதி. இடைவெளி விடாமல் யாராவது அனுப்பினால் கடைசி மூன்றைப் பிரித்துப் படியுங்கள். E12 என்பது மானர் பார்க், E1 என்பது வைட்சாப்பல் பக்கம், இடைவெளியைத் தவறான இடத்தில் விட்டால் அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விடும். வெம்ப்ளியின் HA0-இல் கடைசியில் இருப்பது பூஜ்யம், O என்ற எழுத்து இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பின்பாதியில் வரும் இரண்டு எழுத்துகளில் C, I, K, M, O, V ஆகிய ஆறும் வரவே வராது. பத்திரிகையில் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அது அச்சுப்பிழை, உடனே போன் போட்டுக் கேளுங்கள்.

ஆனால் போஸ்ட்கோடு சரியாக இருந்தாலே வேலை முடிந்துவிடாது. ஒரு போஸ்ட்கோடு என்பது தெருவின் ஒரு துண்டு, சராசரியாக பதினைந்து வீடுகளைப்போல அதில் அடங்கும். போஸ்ட்கோடு மட்டும் போட்டால் மேப் அந்தத் துண்டின் நடுவில் எங்கோ கொண்டுபோய் நிறுத்தி "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். எண், தெரு, போஸ்ட்கோடு மூன்றும் சேர்ந்தால்தான் அது முகவரி.

முகவரி வேறு, வாசல் வேறு

கோயில் என்றால் பெரும்பாலும் தெருவைப் பார்த்த வாசல் இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். நம் விழாக்களில் பாதி நடப்பது பள்ளிக்கூட ஹாலிலும் கம்யூனிட்டி சென்டரிலும்தான், சிக்கல் அங்கேதான். பள்ளிக்கூடத்தின் முகவரி அதன் ஆபீஸ் வாசலுக்கானது. சனி ஞாயிறுகளில் அந்தக் கேட் பூட்டியிருக்கும். வாடகைக்கு விடும் ஹாலுக்கு வழி பின்தெருவிலிருந்து இருக்கும். முன்னால் இருந்து பின்னால் போக உள்ளே பாதை கிடையாது, முழு பிளாக்கையும் சுற்ற வேண்டும். பட்டுப்புடவையும் சீர்வரிசைத் தட்டுமாக மழையில் சுற்றிப் பாருங்கள், தெரியும்.

நான் செய்வது இது. முதலில் கூகுள் மேப்பில் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போவேன். எத்தனை கேட், எது வண்டி போகும் அகலம், வாசலில் என்ன போர்டு, முன்னால் தரையில் என்ன கோடு என்று பார்ப்பேன். படம் எடுத்த மாதமும் வருடமும் திரையிலேயே போட்டிருக்கும், நான்கைந்து வருடப் பழைய படமாக இருந்தால் தரைக்கோடுகளை மட்டும் நம்ப மாட்டேன். அதன் பிறகு போன். ஈமெயில் வேண்டாம், "ஆமாம், பார்க்கிங் உண்டு" என்று ஒரு வரியில் பதில் வந்து நிற்கும். கோயிலாக இருந்தால் பூசை நடக்கும் நேரத்தில் கூப்பிடாதீர்கள், மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

கேட்கும் கேள்வியும் முக்கியம். "பார்க்கிங் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை ஒரு கோயில் ஆபீஸில் இருந்த பெரியவரிடம், யாழ்ப்பாணத்துக்காரர், கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "ஐயா, சனிக்கிழமை நாலு மணிக்கு நான் காரில் வருகிறேன் என்று வையுங்கள், எந்தத் தெருவால் திரும்பி எங்கே நிறுத்துவேன்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முன்பக்கத்தால வராதேங்கோ. அண்டைக்கு இன்னொரு திருமணமும் இருக்கு, எங்கட பார்க்கிங் முழுக்க அவைக்குத்தான் குடுத்திருக்கு." அந்த ஒரு வாக்கியம் எந்த வெப்சைட்டிலும் இல்லை.

ஹாலை நீங்களே வாடகைக்கு எடுப்பவராக இருந்தால் புக்கிங் எடுக்கும் ஆளைத் தாண்டி, அன்றைக்குக் கேட் திறக்க வரும் கேர்டேக்கரிடம் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்குத் திறப்பார், இரவு எத்தனை மணிக்கு கார் பார்க் கேட்டைப் பூட்டுவார் என்பது அவருக்குத்தான் தெரியும். பத்தரைக்குப் பூட்டிவிட்டால் உள்ளே நிற்கும் வண்டி மறுநாள்தான் வெளியே வரும்.

வாசல் எது என்று தெரிந்ததும் அந்தக் கேட்டின் மேல் விரலை அழுத்தி மேப்பில் பின் போட்டு அதையே எல்லோருக்கும் அனுப்புங்கள். பள்ளியின் பெயரைத் தேடிக் கிடைக்கும் லிங்கை அனுப்பினால் மறுபடி ஆபீஸ் வாசலுக்கே கூட்டம் போகும்.

தெருவில் விடப் போகிறீர்களா? பலகை படிக்கத் தெரிய வேண்டும்

ஹாலின் சொந்த இடம் நிறைந்துவிட்டால் தெருதான். புதிதாக வந்தவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

தெருவோரம் ஒற்றை மஞ்சள் கோடு இருந்தால் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நிறுத்தக் கூடாது, இரட்டை மஞ்சள் என்றால் எப்போதுமே கூடாது. இது பலருக்குத் தெரியும். ஒற்றைக் கோட்டுக்கான நேரம் எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது. கோட்டுக்குப் பக்கத்தில் பலகை இல்லையென்றால் தடையே இல்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். லண்டனின் பல பகுதிகள் கன்ட்ரோல்டு பார்க்கிங் ஸோன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஸோனுக்குள் நுழையும் தெருமுனையில் ஒரு பெரிய பலகை இருக்கும், நாளும் நேரமும் அதில்தான். உள்ளே இருக்கும் ஒற்றை மஞ்சள் கோடுகளுக்கு அதே நேரம் பொருந்துமென்றால் தனிப் பலகை வைக்கவே மாட்டார்கள். நான்கு தெரு முன்னால் திரும்பும்போது நீங்கள் பேசிக்கொண்டே கடந்து வந்த பலகைதான் அது.

அதனால் வீட்டில் இருக்கும்போதே ஸ்ட்ரீட் வியூவில் மண்டபத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து போய் அந்த நுழைவுப் பலகையைத் தேடிப் படித்துவிடுங்கள். அந்தப் பகுதி கவுன்சிலின் வெப்சைட்டிலும் ஸோன் நேரங்கள் இருக்கும். திங்கள் முதல் சனி வரை என்று போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நிம்மதி. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ஏழு நாளும் தடை உள்ள தெருக்கள் உண்டு. பேங்க் ஹாலிடேயும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், விடுமுறைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

சிவப்புக் கோடு கண்டால் கிட்டவே போக வேண்டாம். ஹைகேட் கோயில் இருக்கும் ஆர்ச்வே ரோடு அப்படிப்பட்ட ரெட் ரூட். இரட்டைச் சிவப்பில் நிறுத்துவது மட்டுமல்ல, ஒரு நிமிடம் நின்று ஆளை இறக்கிவிடுவதும் கூடாது, கேமராவே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். மஞ்சள் கோட்டில் பாட்டியை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம், அதற்குத் தடையில்லை. கேட்டரிங் வண்டி மஞ்சள் கோட்டில் நின்று சாப்பாட்டுப் பாத்திரம் இறக்கலாமா என்பதற்கு நடைபாதை விளிம்புக் கல்லைப் பாருங்கள். அதில் குறுக்கே இரண்டு இரண்டாகச் சின்ன மஞ்சள் கோடுகள் இருந்தால் சாமான் இறக்கவும் தடை. ஒற்றையாக இருந்தால் சில நேரம் மட்டும் தடை, அந்த நேரம் பக்கத்துப் பலகையில் இருக்கும்.

அப்புறம் நடைபாதையில் இரண்டு சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் பழக்கம். லெஸ்டரிலிருந்தும் பர்மிங்ஹாமிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே செய்வதுபோல இங்கேயும் செய்துவிடுவார்கள். லண்டன் முழுவதும் அது தடை, அனுமதித்துப் பலகை வைத்திருக்கும் தெரு தவிர. கவுன்சில் டிக்கெட் இப்போது 160 பவுண்டு வரை போகிறது, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. மொய் எழுதியதைவிட அதிகம்! வெளியூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: பழைய டீசல் வண்டியாக இருந்தால், பொதுவாக 2015-க்கு முந்தியது, லண்டனுக்குள் ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு யூலெஸ் என்ற புகை மாசுக் கட்டணம் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து அது ஊரின் எல்லா பரோக்களிலும் இருக்கிறது. லண்டன் போக்குவரத்தை நடத்தும் டிஎஃப்எல் வெப்சைட்டில் வண்டி எண்ணைப் போட்டால் கட்ட வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

எதிரில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் கார் பார்க் ஆசை காட்டும். இலவசம்தான், ஆனால் எத்தனை மணி நேரம் என்று பலகையில் வரம்பு இருக்கும், உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கேமரா நம்பர் பிளேட்டை எடுக்கும். இரண்டு மணி நேர வரம்பில் அரங்கேற்றம் முடியவே முடியாது.

வெம்ப்ளியில் நடந்தது

அக்கா மகளின் அரங்கேற்றத்துக்கு வெம்ப்ளி பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹால் பிடித்தோம். சனிக்கிழமை மாலை நான்கு மணி, 200 பேருக்கு அழைப்பு. ஹால்காரர்கள் சொன்னது: "சொந்த கார் பார்க் உண்டு, தெருவிலும் தாராளமாக விடலாம்."

நேரில் போய் எண்ணினோம். கோடு போட்ட இடங்கள் 30. அதில் இரண்டு மாற்றுத்திறனாளிகளுக்கானவை. பாட்டு, மிருதங்கம், வயலின், நட்டுவாங்கம், மேக்கப் ஆள், வீடியோ, சாப்பாட்டு வண்டி என்று ஆறேழு போய்விடும். விருந்தினருக்கு மிஞ்சுவது 20 சொச்சம். ஒரு காருக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் 200 பேருக்கு 67 கார் வரும். நுழைவில் உயரத் தடுப்புக் கம்பி வேறு, இரண்டு மீட்டர் சொச்சம். மேடை அலங்காரக்காரரின் உயரமான வேன் அதற்குக் கீழே நுழையாது. அதை அன்றைக்குக் கண்டுபிடிப்பதற்குப் பதில் முன்பே தெரிந்ததால் கேர்டேக்கரிடம் சொல்லிப் பக்கத்துக் கேட்டைத் திறக்க ஏற்பாடு செய்தோம்.

தெருவைப் பார்த்தால் அன்றைக்கு வாரநாள், எல்லா இடமும் காலி. மஞ்சள் கோடே இல்லாத தெருக்கள். அத்தான் "இது போதுமே" என்றார். தெருமுனைப் பலகையைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெம்ப்ளி ஸ்டேடியத்தில் பெரிய ஆட்டமோ கச்சேரியோ நடக்கும் நாட்களில் சுற்றுவட்டாரத் தெருக்கள் எல்லாம் பெர்மிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும், பெரும்பாலும் நள்ளிரவு வரை. 90,000 பேர் உட்காரும் இடம், அவர்கள் காரை வீட்டு வாசல்களில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மற்ற நாளில் இலவசமாக நிற்கும் அதே இடத்தில் அன்றைக்கு நின்றால் டிக்கெட். பிரென்ட் கவுன்சிலின் வெப்சைட்டில் அந்த நாட்களின் பட்டியல் இருக்கிறது. பார்த்தோம். எங்கள் சனிக்கிழமை அதில் இருந்தது.

தேதியை மாற்ற முடியாது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. எனவே கென்டனில் இருக்கும் சித்தி வீட்டு டிரைவ்வேயும் ஹாரோவில் இருக்கும் இரண்டு உறவினர் வீடுகளும் கைகொடுத்தன. முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் வண்டிகளுக்கு மட்டும் ஹாலின் 20 இடத்தை எண் போட்டு முன்பே ஒதுக்கினோம். வண்டியை நார்த்விக் பார்க் பக்கம் விட்டவர்கள் மெட்ரோபாலிட்டன் லைனில் ஒரே ஸ்டேஷன் ஏறி பிரஸ்டன் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், அங்கே ரசிகர் கூட்டத்தில் சலங்கைப் பெட்டியோடு மாட்டிக்கொள்வீர்கள் என்று சொல்லிவிட்டோம். வார இறுதியில் ரயில் பாதை பராமரிப்பு என்று லைனை மூடும் வழக்கம் உண்டு, அதனால் டிஎஃப்எல்லில் அந்தச் சனிக்கிழமையை வியாழக்கிழமையே பார்த்து உறுதி செய்தோம். ஸ்டேடியப் பட்டியலையும் அன்றே மறுபடி பார்த்தோம், ஏனென்றால் புதிய நிகழ்ச்சிகள் பின்னாலும் சேர்வதுண்டு.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் அனுப்பிய செய்தி இது. பத்திரிகையின் போட்டோவோடு சேர்த்து அனுப்பாமல் தனியாக அனுப்பினோம், வண்டியில் உட்கார்ந்து தேடும்போது போட்டோவிலிருந்து முகவரியைக் காப்பி செய்ய முடியாது.

"சனிக்கிழமை ஸ்டேடியத்தில் கச்சேரி இருக்கிறது. ஹாலைச் சுற்றி எந்தத் தெருவிலும் காரை விட வேண்டாம், டிக்கெட் விழும். மேப்பில் வரும் முன் கேட் பூட்டியிருக்கும். கீழே உள்ள மேப் லிங்க் பின்தெருக் கேட்டுக்கானது, பச்சை நிற இரும்புக் கேட், வாசலில் வாழைமரம் கட்டியிருப்போம். பிரஸ்டன் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கலாம். நடக்க முடியாதவர்கள் இருந்தால் உங்கள் வண்டி எண்ணை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், உள்ளே இடம் தருகிறோம். கார் பார்க் கேட் இரவு 10.30-க்குப் பூட்டப்படும். வழி தெரியாவிட்டால் அத்தானைக் கூப்பிடுங்கள், அம்மாவைக் கூப்பிட வேண்டாம், அவர் மேடைக்குப் பின்னால் இருப்பார்."

கடைசி வரிதான் அன்றைக்கு அதிகம் உதவியது. அத்தானுக்கு 14 அழைப்புகள் வந்தன, அதில் ஒன்பது பேர் முன் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.